மேசையில் ஒரு நாள் இருந்த கூலிங் கேக்

பிறந்தநாள் முடிந்த மறுநாள் காலையில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். முந்தைய நாள் வாங்கிய ஒரு கிலோ கூலிங் கேக்கில் கால்வாசி மீந்திருக்கும். இரவு எல்லோருக்கும் களைப்பு, ஃபிரிட்ஜில் இடமில்லை, கேக் அட்டைப் பெட்டியோடு சாப்பாட்டு மேசையிலேயே தங்கிவிட்டது. காலையில் மூடியைத் திறந்தால் கிரீம் அப்படியே நிற்கிறது. ரோஜாப்பூ இதழ் ஒன்றுகூடச் சாயவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் வெனிலா வாசம்தான். ஓரத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலும் இனிப்பு மட்டுமே. "நல்லாத்தானே இருக்கு" என்று பிள்ளையின் தட்டில் ஒரு துண்டு வைக்கிறோம்.

சாம்பார் புளித்தால் தெரிகிறது. பால் திரிந்தால் கண்ணுக்கே தெரிகிறது. மாவு, சட்னி, மீன்குழம்பு எதுவானாலும் நம் மூக்கும் நாக்கும் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகின்றன. கிரீம் கேக்கிலும் கஸ்டர்ட் வைத்த பேஸ்ட்ரியிலும் அந்தச் சோதனை உதவாது. அவற்றில் நம்மை வாந்தியெடுக்க வைக்கும் பொருளுக்கு நிறமில்லை, வாசமில்லை, சுவையுமில்லை. அதை உண்டாக்கும் கிருமி உணவைப் புளிக்க வைப்பதுமில்லை, நூல்விட வைப்பதுமில்லை. அதனால் கேக் கெட்டுப்போகாத தோற்றத்தோடே விஷமாகியிருக்கலாம்.

அந்தக் கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இதற்காகச் சாக்கடையையோ எலி வளையையோ தேட வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியமான மனிதர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூக்குத் துவாரத்துக்குள் இது நிரந்தரமாகக் குடியிருக்கிறது. தோலிலும் இருக்கும்; சீழ்பிடித்த கொப்புளத்திலும், வெட்டுக்காயத்திலும் ஏராளமாக இருக்கும். மூக்கைத் தொட்ட விரல் கிரீமைத் தொட்டால் போதும், குடிபெயர்ந்துவிடும். குடிபெயர்ந்த சில நூறு கிருமிகளால் யாருக்கும் எதுவும் ஆகாது. அவற்றை விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது. சூடும் நேரமும் கிடைத்துப் பெருகும்போது அவை உணவுக்குள் ஒரு நச்சுப் புரதத்தைக் கக்குகின்றன. நம்மைப் படுக்க வைப்பது அந்தப் புரதம்தான்.

இது முதலில் பாலில்தான் பிடிபட்டது. பிலிப்பைன்ஸில் பணிபுரிந்த பார்பர் என்ற ஆய்வாளர் 1914-இல் அதை எழுதினார். அங்கே ஒரு பண்ணையின் பாலைக் குடித்தவர்களுக்கு அவ்வப்போது வாந்தி வந்துகொண்டிருந்தது. கறந்த உடனே குடித்தால் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஊர் வெக்கையில் சில மணி நேரம் வெளியே இருந்த பாலைக் குடித்தால் மட்டும் வயிறு புரட்டியது. பார்பர் தானே குடித்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். வெளியே பார்த்தால் எந்த நோயும் தெரியாத ஒரு பசுவின் மடியில் இந்தக் கிருமி இருந்தது. அவருடைய கண்டுபிடிப்பை உலகம் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. பிறகு அமெரிக்காவின் சிகாகோவில் கேல் டாக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1930-இல் வெளியிட்ட ஆய்வு விஷயத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் கையில் கிடைத்த குற்றவாளி ஒரு கேக். அடுக்கடுக்காகக் கிரீம் வைத்த கிறிஸ்துமஸ் ஸ்பாஞ்ச் கேக்கைச் சாப்பிட்ட பதினொரு பேர் நோயுற்றார்கள். கேக்கிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைத் திரவத்தில் வளர்த்து, பிறகு கிருமிகள் அத்தனையையும் வடிகட்டி நீக்கிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். உயிருள்ள ஒரு கிருமிகூட இல்லாத அந்த நீரைக் குடித்தவர்களுக்கு வாந்தி வந்தது.

கிருமியைக் கொன்றாலும் நச்சு போகாது என்பது அப்போது புரிந்தது. கேக் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதை அறியாததுதான் காரணம்.

சரி, கேக் அவனில் வெந்துதானே வருகிறது, கஸ்டர்ட் அடுப்பில் கொதித்துத்தானே கெட்டியாகிறது, கிருமி எப்படி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேக்கரியின் பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும்.

பாலும் சர்க்கரையும் சோளமாவும், சில கடைகளில் முட்டை மஞ்சள்கருவும் சேர்த்துக் கிண்டிய கஸ்டர்ட் அடுப்பிலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது. பாலிலிருந்த சாதாரணக் கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன. அடுத்தது ஆற வேண்டும். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி, உடனே சில்லரில் வைத்தால் ஆறும். நான்கு லிட்டரையும் அதே அண்டாவில் விட்டுவிட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஆறிய கஸ்டர்டை மாஸ்டர் கரண்டியால் அள்ளிக் கோன் பையில் நிரப்புகிறார். பையின் வாயை முறுக்கி, இடது கைவிரல்களால் நாசிலைப் பிடித்து, ஒவ்வொரு பஃப்பின் வயிற்றிலும் குத்திப் பிழிகிறார். ஓரத்தில் வழிந்ததைச் சுட்டுவிரலால் வழித்து மீண்டும் பாத்திரத்தில் சேர்க்கிறார். அடுத்த தட்டு, அதே பை, அதே விரல். நெற்றி வியர்வையைத் துடைக்கும் துண்டும் பேலட் கத்தியைத் துடைக்கும் துண்டும் சில இடங்களில் ஒன்றுதான்.

கூலிங் கேக்கும் இப்படித்தான். அவனில் வெந்த ஸ்பாஞ்சை மூன்று வட்டமாக அறுத்து, சர்க்கரைப் பாகு தெளித்து ஈரமாக்கி, கிரீம் பூசி அடுக்கி, மேலே வழித்து, பூ வைத்து, பெயர் எழுதுகிறார்கள். கைபடும் வேலை எல்லாம் வெந்த பிறகுதான் நடக்கிறது. அதன் பிறகு நெருப்பு கிடையாது. இட்லியோ குழம்போ கைபட்ட பின் வேகின்றன. இவை வெந்த பின் கைபடுகின்றன. வேக வைத்ததால் போட்டிக் கிருமிகளும் இல்லாமல் போய்விட்டன. பச்சைப் பாலில் பலவகைக் கிருமிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். அங்கே இந்தக் கிருமியால் அவ்வளவு எளிதாகத் தலையெடுக்க முடியாது. கஸ்டர்டில் அதற்குக் காலி வயல். போதாக்குறைக்கு, மற்ற பல கிருமிகளை அடக்கிவிடும் சர்க்கரையும் உப்பும் இதற்கு அவ்வளவாகத் தடையில்லை.

வேக வைத்தும் சாகாத இன்னொரு விருந்தாளியும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அரிசி, சோளமாவு, மசாலா போன்றவற்றில் வித்தாக உறங்கும். கொதியை அந்த வித்து தாங்கிக்கொள்ளும். கஸ்டர்ட் மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகி, அதுவும் சூட்டுக்கு அசையாத ஒரு வாந்தி நச்சைத் தரும். வெதுவெதுப்பாகவே கிடக்கும் சோற்றில் நேர்வதும் இதே கதைதான். கஸ்டர்ட் என்றால் ஆறவைக்கும் முறையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு இதுவே காரணம்.

இனி ஒரு கேக்கின் ஒரு நாளைப் பின்தொடர்வோம். மே மாதம், மதுரை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் 35 டிகிரி. காலை பதினொரு மணிக்குக் கடையின் சில்லரிலிருந்து கேக் வெளியே வருகிறது. அப்போது அதன் குளிர்ச்சி ஐந்து டிகிரி அளவில் இருக்கும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். வீட்டில் மேசைமேல் வைத்து ஃபேனைப் போடுகிறார்கள். ஃபேன் கேக்கைக் குளிர வைக்காது; அறையின் சூட்டை இன்னும் சீக்கிரம் கேக்குக்குள் ஏற்றும். மேல்பூச்சு வேகமாகச் சூடேறும். நடு அடுக்கு கொஞ்சம் தாமதிக்கும், ஆனால் அதுவும் மதியத்துக்குள் அறையின் சூட்டை நெருங்கிவிடும்.

கேக்கில் கிராமுக்கு நூறு கிருமிகள் ஒட்டியிருப்பதாகக் கணக்கு வைப்போம். ஒரு விரல் வழிப்பில் வந்து சேரக்கூடிய அளவுதான். குளிரிலிருந்து வெளியே வந்த கிருமி உடனே பெருகத் தொடங்காது. சுதாரித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். மதியம் ஒன்றரை மணிக்குப் பெருகத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று கொண்டால், பத்து முறை இரட்டிக்க ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. அப்படியானால் இரவு எட்டு மணிக்குச் சற்றுமேல், மெழுகுவர்த்தி ஊதும் நேரத்தில், கிராமுக்கு ஒரு லட்சம். ஏறக்குறைய இந்த அளவைத் தொடும்போதுதான் ஆளை நோயாக்கும் அளவு நச்சு சேரத் தொடங்குகிறது என்பது பொதுவான கணிப்பு. இரவு எட்டரைக்குச் சாப்பிட்ட விருந்தாளிகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கேக் மேசையிலேயே தங்குகிறது. நள்ளிரவில் இன்னும் ஆறு முறை இரட்டித்திருக்கும். லட்சம் அறுபது லட்சத்தைத் தாண்டும். விடியும்போது பெருக்கம் ஓய்ந்து, நச்சு மட்டும் சேர்ந்து கிடக்கும். பெரியவர் ஒருவரை வாந்தியெடுக்க வைக்க அந்த நச்சு எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ போதும். நாக்குக்கு எப்படித் தெரியும்?

"நாங்க எத்தனையோ தடவை மறுநாள் சாப்பிட்டிருக்கோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வார்கள். உண்மைதான். அந்தக் கேக்குகளில் முதலில் போட்ட நூறு கிருமிகள் இல்லாமல் இருந்திருக்கும். அல்லது வந்து சேர்ந்த வகை நச்சு சுரக்காத வகையாக இருந்திருக்கும். எல்லா ஸ்டஃபைலோகாக்கஸும் இந்த நச்சைத் தருவதில்லை. மார்கழிக் குளிரில் 24 டிகிரியில் இருந்த கேக்கில் கணக்கே மெதுவாக நகரும். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்து இது அந்தக் கேக்கா, இந்தக் கேக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவரை தப்பித்தது அடுத்த கேக்கைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

ஒருவர் கையிலிருந்து எத்தனை பேருக்குப் பரவும் என்பதற்கு 1983-இல் கரீபியன் கடலில் சென்ற ஒரு சொகுசுக் கப்பல் சாட்சி. கிரீம் வைத்த பேஸ்ட்ரியைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் படுத்துவிட்டார்கள். பெரிய அளவில் பலர் கைபட்டுச் செய்த பேஸ்ட்ரி அது. செய்த பின் போதிய குளிரில் வைக்கப்படவில்லை. வசதியான கப்பல், தேர்ந்த சமையல்காரர்கள், பளபளக்கும் சமையலறை. அவையெல்லாம் இருந்தும், பேஸ்ட்ரி சூட்டில் கிடந்த அந்தச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் இதைச் சிக்கலாக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் ஃபிரெஷ் கிரீம் என்று சொல்லி வாங்கும் கேக்குகளில் பெரும்பாலானவற்றில் பாலிலிருந்து எடுத்த கிரீம் இல்லை. பனங்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைக் கெட்டிப்படுத்தி, தண்ணீர், சர்க்கரை, பிணைக்கும் பொருள்கள் சேர்த்துச் செய்த விப்பிங் கிரீம் அது. அட்டை டப்பாவில் உறைந்த நிலையில் பேக்கரிக்கு வரும். ஃபிரிட்ஜில் உருக்கி மிஷினில் அடித்தால் பொங்கி நிற்கும். அசல் பால் கிரீம் 30 டிகிரியைத் தாண்டினாலே தொய்ந்து, நீர் விட்டு, பூவெல்லாம் சரிந்து, தான் சூடாகிவிட்டதை ஊருக்கே சொல்லிவிடும். தாவரக் கிரீம் அப்படிச் சரியாது. வெயில்காலத்தில் மண்டபத்தில் மூன்று மணி நேரம் நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தயாரிக்கிறார்கள். அதனால் வாங்குபவருக்கு ஓர் எண்ணம் பதிந்துவிட்டது: உருகாத கேக் கெடாத கேக். கொழுப்பு எந்தச் சூட்டில் உருகும் என்பதற்கும் கிருமி எந்தச் சூட்டில் பெருகும் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அடித்த தாவரக் கிரீமிலும் தண்ணீர் இருக்கிறது, புளிப்பு இல்லை; ஸ்பாஞ்சில் பாகின் ஈரமும் பழத்துண்டின் சாறும் இருக்கின்றன. அடித்த பின் குளிரிலேயே வைக்க வேண்டும் என்று அந்த டப்பாவிலேயே போட்டிருக்கும். டப்பா வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை என்பதுதான் சங்கடம்.

பட்டர் கிரீம் கேக் வேறு சாதி. கொழுப்பும் அதைப் போல இரண்டு மடங்கு ஐசிங் சுகரும் சேர்ந்தது அது. இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் சர்க்கரை இறுகப் பிடித்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நம் சின்ன வயதில் பேக்கரி கண்ணாடி அலமாரியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு நாள் இருந்த, கொஞ்சம் கரகரப்பான ரோஜாப்பூ கேக் இதுதான். தூத்துக்குடி மக்ரூனையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். அதில் முட்டையின் வெள்ளைக்கருதான் பிரதானம். இருந்தும் காற்றுப்புகாத டப்பாவில் நாள்கணக்கில் வெளியே இருக்கிறது. ஈரம் முழுக்கப் போகும்படி மெதுவாக உலர வைத்துச் சுடுவதால். முட்டையோ பாலோ இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஈரமாக இருக்கிறதா, வெந்த பிறகு கைபட்டதா என்று பார்ப்பது பயனுள்ளது. முட்டையில்லாத கேக் என்பதால் ஃபிரிட்ஜ் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முட்டை இல்லாவிட்டால் சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமியின் ஆபத்து குறையும், அவ்வளவுதான். கிரீமில் பட்ட விரல் அப்படியேதான் இருக்கிறது.

பொதுவாகச் சொல்லப்படும் கெடு இரண்டு மணி நேரம்; வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். என் கணக்கில் கேக் லட்சத்தைத் தொட ஒன்பது மணி நேரம் ஆனதே, இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றும். நான் நூறில் தொடங்கினேன்; கையில் கொப்புளம் உள்ளவர் செய்த கேக் பத்தாயிரத்தில் தொடங்கலாம். அது ஒன்று. இரண்டாவது, இந்த நேரம் கூடிக்கொண்டே போகும். கடையில் ஐசிங் செய்யும்போது வெளியே இருந்த அரை மணி, வண்டியில் வந்த அரை மணி, பாட்டுப் பாடிப் படமெடுத்த முக்கால் மணி எல்லாம் ஒரே கணக்கில் சேரும். நடுவில் ஃபிரிட்ஜில் வைத்தால் பெருக்கம் நிற்கும். ஓடிய கணக்கு அழியாது. ஃபிரிட்ஜ் கிருமியை உறங்க வைக்கிறது, நச்சைத் தொடுவதில்லை. இரவு முழுக்க வெளியே இருந்த கேக்கைக் காலையில் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டு மதியம் சாப்பிடுவதால் ஒரு பயனும் இல்லை. ஃபிரீசரும் அப்படியே.

சூடுபடுத்தினால் சரியாகுமா? கஸ்டர்ட் பஃப்பை ஓவனில் முறுமுறுப்பாக்கித் தருவார்கள். கிருமி சாகலாம், ஆனால் அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அசராத நச்சு அது. மேல்கிரீமை வழித்து எறிந்துவிட்டு ஸ்பாஞ்சை மட்டும் சாப்பிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கிரீமின் ஈரம் ஸ்பாஞ்சில் இறங்கித்தான் கேக் மெத்தென்று இருக்கிறது. நடு அடுக்கிலும் அதே கிரீம்தான். இதைச் சொல்ல எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. எண்ணூறு ரூபாய் கேக்கைக் குப்பையில் போட நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. மனம் வராமல்தான் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும் அதைக் கொடுத்தனுப்புகிறோம். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் கேக்கை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. இரவு எட்டரைக்கே, நல்லபடியாக இருக்கும்போதே, வெட்டிக் கொடுத்துவிடலாமே.

நோய் வந்தால் அதன் அடையாளம் வேகம்தான். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே, திடீரென்று குமட்டல், வயிற்றைப் பிசையும் வலி, அடுத்தடுத்து வாந்தி. வயிற்றுப்போக்கும் சேரலாம். காய்ச்சல் பொதுவாக இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். காலை ஏழு மணிக்குப் பால் டம்ளரோடு கேக் தின்ற பிள்ளை ஒன்பதரைக்குப் பள்ளியில் வாந்தி எடுக்கும். எட்டரைக்குச் சாப்பிட்ட உப்புமா மேல் பழி விழும். ஒரே கேக்கைத் தின்ற இரண்டு பேருக்கு அடுத்தடுத்து வந்தால்தான் சந்தேகம் சரியான இடத்துக்குத் திரும்பும். மறுநாள்தான் தொடங்கி, காய்ச்சலும் பேதியுமாக இருந்தால் அது சால்மொனெல்லா போன்ற வேறு கிருமியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் தானாக அடங்கிவிடும். நச்சுதான் காரணம் என்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரையால் பலனில்லை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். உடம்பு இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதுதான் வைத்தியம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டரில், கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்த பிள்ளைக்கு டம்ளர் நிறையக் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுத்தால் தங்கும். எதுவுமே தங்கவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, நாக்கு வறண்டுவிட்டது, பிள்ளை துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் இன்னும் முன்னதாகவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மீந்த கேக் இருந்தால் எறியாமல் ஒரு பையில் கட்டி, மற்ற பண்டங்களில் படாமல் ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். பலர் பாதிக்கப்பட்டு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் சோதனைக்கு அதுதான் தேவைப்படும்.

கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியதும் அதிகமில்லை. கூலிங் கேக் சில்லரில் இருக்கிறதா, சில்லரின் உள்ளே ஐந்து டிகிரியோ அதற்குக் கீழோ காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டும் கருவி இல்லையென்றால் தட்டின் அடியைத் தொட்டாலே தெரியும். விளக்கு மட்டும் எரிந்து குளிர் இல்லாத கண்ணாடிப் பெட்டிகள் நிறைய உண்டு. கிரீம் பன்னும் கஸ்டர்ட் பஃப்பும் எக் பஃப்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், பல்பின் சூட்டில் அடுக்கியிருந்தால் அன்று அவற்றை விட்டுவிடலாம். "இது எப்போ போட்டது?" என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மாஸ்டர்கள் இந்தக் கேள்வியை மதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மதியத்துக்கு மேல் கஸ்டர்ட் பண்டங்களை வெளியே வைப்பதே இல்லை. "சித்திரை வந்துட்டா கஸ்டர்டு ஆர்டர் கொடுத்தாத்தான் சார் போடுவேன். வித்துப் போகலைன்னா வெச்சிருக்க முடியாது, வெச்சு விக்கவும் எனக்கு மனசு வராது" என்றார்.

கேக் சொல்லும்போது நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு வெட்டுவதானால் ஏழரைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அதுவரை கடைக்காரர் தன் சில்லரில் வைத்திருப்பார். நம் வீட்டு ஃபிரிட்ஜைவிட அங்கே இடமும் குளிரும் அதிகம். தொலைவு என்றால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு வைத்துத் தரச் சொல்லலாம். வீட்டில் காலையிலேயே ஃபிரிட்ஜின் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தால், வெட்டி முடித்ததும் மீதியைத் துண்டுகளாக மூடிபோட்ட டப்பாவில் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். இரண்டு நாளுக்குள் தின்று தீர்த்துவிடலாம். கரண்ட் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை தாங்கும். குலதெய்வக் கோயில் மொட்டை, ஊர்த் திருவிழா, மொட்டைமாடிக் கொண்டாட்டம் என்று ஃபிரிட்ஜே இல்லாத இடத்துக்கு எடுத்துப்போவதானால் கூலிங் கேக் வேண்டாம். டீ கேக், பிளம் கேக், வெண்ணெய் கேக் இவற்றில் ஒன்றைச் சொல்லி, மேலே பட்டர் கிரீமில் பெயரை மட்டும் எழுதித் தரும்படி கேளுங்கள்.